வில்லன் பேசினால் என்ன ஆகும்? மினோட்டார் சொல்லும் கதை தெரியுமா?

உலகப் புகழ்பெற்ற ஒரு புராணச் சண்டை. ஒரு பக்கம் வாளேந்திய இளவரசன், மறுபக்கம் மனித உடலும் மாட்டுத் தலையும் கொண்ட கொடூரன். அந்தச் சண்டையைக் கொடூரனின் வாயாலேயே சொல்லவைத்தார் ஓர் எழுத்தாளர். மூன்றே பக்கம்தான் கதை. அதில் சண்டைக்கு எத்தனை வரி ஒதுக்கினார் தெரியுமா? ஒன்றுகூட இல்லை!

அர்ஜென்டினாவின் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1947-இல் எழுதிய 'ஆஸ்டெரியோனின் வீடு' என்ற சிறுகதைதான் அது. கதையின் உயிரே அதன் முடிவில் இருக்கிறது. முடிவைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. எனவே, படிக்காதவர்கள் கதையைத் தேடிப் படித்துவிட்டு வந்தாலும் சரி, இப்படியே தொடர்ந்தாலும் சரி!

முதலில், ஏதென்ஸ்காரர்கள் சொன்ன கதை தெரியுமா?

கிரீட் தீவின் அரசன் மினோஸ். நான் பலி கொடுக்க ஒரு காளையை அனுப்பு என்று கடல் தெய்வம் பொசைடனை வேண்டினான். கடலிலிருந்து வந்த காளையின் அழகைப் பார்த்ததும் பலி கொடுக்க மனம் வரவில்லை. அதை ஒளித்துவைத்துவிட்டு வேறொரு மாட்டைப் பலியிட்டான். தெய்வத்தையே ஏமாற்றினால் சும்மா விடுமா? மினோஸின் மனைவி பாசிஃபேவுக்கு அந்தக் காளையின் மீதே மோகம் பிறக்கும்படி செய்தது. பிறந்த பிள்ளைதான் மினோட்டார். டேடலஸ் என்ற சிற்பியைக் கொண்டு, நுழைந்தவர் வெளியே வர முடியாத ஒரு சுழல்மாளிகையைக் கட்டி, அதற்குள் பிள்ளையை அடைத்தான் அரசன்.

மினோஸின் இன்னொரு மகன் ஏதென்ஸ் மண்ணில் இறந்தான். அதற்கு ஈடாக ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னிப் பெண்களையும் ஏதென்ஸ் அனுப்பிவைக்க வேண்டும், அவர்கள் மினோட்டாருக்கு இரை. அந்தப் பதினால்வரில் ஒருவனாகக் கப்பலேறி வந்தவன் இளவரசன் தீசியஸ். அவனைக் கண்டு காதலித்த மினோஸின் மகள் அரியாட்னே, ஒரு நூல்கண்டைக் கொடுத்தாள். நூலைப் பிரித்துக்கொண்டே உள்ளே போனவன், மினோட்டாரைக் கொன்று, அதே நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். சுபம்!

சுபம்தான், ஏதென்ஸுக்கு!

இதில் யார் செய்த தப்புக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாக்குத் தவறியது மினோஸ். பழிவாங்கியது பொசைடன். சிறைவைத்தது அரசன், சிறை கட்டியது சிற்பி. உள்ளே கிடந்தவன் செய்த முதல் குற்றம் பிறந்தது மட்டுமே. போர்ஹெஸுக்குக் கிடைத்த இடைவெளி இதுதான்.

அந்தக் கொடூரனுக்கு ஒரு பெயர் இருந்தது தெரியுமா?

மினோட்டார் என்றால் மினோஸின் காளை. அது பட்டம், பெயர் அல்ல. அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்கப் புராணத் தொகுப்பு அவன் பெயரைச் சொல்கிறது: ஆஸ்டெரியஸ், அல்லது ஆஸ்டெரியோன். அது யாருடைய பெயர் தெரியுமா? மினோஸைத் தன் மகனாக வளர்த்த கிரீட் அரசனின் பெயர்! நம் வீடுகளில் நடப்பதுபோலத் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பெயரிட்ட பிள்ளையைத்தான் இருட்டில் தள்ளியிருக்கிறார்கள்.

போர்ஹெஸ் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலைப்பில் ஆஸ்டெரியோன், ஏறக்குறைய கதை முழுக்கப் பேசுகிறவனும் ஆஸ்டெரியோன். மினோட்டார் என்ற சொல்லைக் கடைசி வாக்கியம் வரை பூட்டிவைத்தார். யாரோ ஓர் அரச குடும்பத்துத் தனிமை விரும்பி, கொஞ்சம் கர்வி, கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டே நாம் படிக்கிறோம். கடைசி வரியில் அந்தச் சொல் விழுந்ததும் தூக்கிவாரிப் போடுகிறது!

துப்புகள் முதலிலிருந்தே கண்ணெதிரே இருந்தன தெரியுமா?

இரண்டாம் முறை படித்தால்தான் புரியும், மனிதர் எவ்வளவு நேர்மையாக ஏமாற்றியிருக்கிறார் என்று!

தன்னைக் கைதி என்று ஊரார் சொல்வது அபத்தம் என்கிறான் ஆஸ்டெரியோன். வீட்டின் கதவுகள் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன, மனிதர்களும் வரலாம், மிருகங்களும் வரலாம் என்கிறான். மிருகங்களை எதற்கு அழைக்கிறான் என்று முதல் வாசிப்பில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் என்னென்ன இருக்கின்றன என்று அடுக்கும்போது முற்றங்களோடும் தண்ணீர்க் கிடங்குகளோடும் தீனித் தொட்டிகளையும் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிகளையும் சேர்த்துச் சொல்கிறான். அரசியின் மகன் வீட்டில் தீனித் தொட்டிக்கு என்ன வேலை? அதையும் தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு மாலை அவன் தெருவுக்கு வந்திருக்கிறான். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட்டான். ஏன்? ஊராரின் முகங்களைப் பார்த்துப் பயம்! விரித்த உள்ளங்கை மாதிரி தட்டையான, நிறமில்லாத முகங்கள். மாட்டு முகம் உள்ளவனுக்கு மனித முகம் அப்படித்தானே தெரியும்? ஊரார் அவனைப் பார்த்ததும் ஓடினார்கள், விழுந்து கும்பிட்டார்கள், சிலர் கல் பொறுக்கினார்கள். அவனோ அதற்கெல்லாம் காரணம் தன் அரச குலப் பிறப்பு என்று நினைத்துக்கொள்கிறான்.

அந்தத் தெருவில் அவன் பார்த்தது கோடரிகளின் கோயில். இது ஊர் விவரம் தெரிந்த வாசகனுக்குப் போட்ட தூண்டில். ஆர்தர் எவன்ஸ் 1900 முதல் கிரீட்டின் நாசஸ் அரண்மனையைத் தோண்டியபோது, தூண்களிலும் சுவர்களிலும் இரட்டைத்தலைக் கோடரிச் சின்னம் மீண்டும் மீண்டும் கிடைத்தது. அதை அறிந்தவருக்கு அந்த இடத்திலேயே 'அட, இது கிரீட்!' என்று பொறி தட்டும்.

எல்லாவற்றையும்விட அழகான குறும்பு ஒன்று உண்டு. பொழுது போகாதபோது நடைகூடங்களில் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து ஓடுவானாம், முட்ட வரும் ஆட்டுக்கிடாயைப் போல! காளை என்று எழுத வேண்டிய இடத்தில் ஆட்டுக்கிடா. வாசகனின் மூக்குக்கு அரை அங்குலம் தள்ளி உண்மையை வைத்திருக்கிறார்.

பதினான்கு எங்கே போனது தெரியுமா?

ஏழும் ஏழும் பதினான்கு. புராணத்தில் பலியாட்களின் எண்ணிக்கை. போர்ஹெஸின் கதையில் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்பது பேர்தான் வருகிறார்கள். அப்படியானால் பதினான்கை எறிந்துவிட்டாரா? இல்லை, வேறோர் இடத்தில் ஒளித்துவைத்தார்!

கதவுகளின் எண்ணிக்கை முடிவிலி என்று ஆஸ்டெரியோன் சொல்லும் இடத்தில், பதிப்பாசிரியர் போட்டதுபோல ஓர் அடிக்குறிப்பு வருகிறது. மூலத்தில் இருப்பது பதினான்கு என்ற எண், ஆனால் இவன் வாயில் அது முடிவிலியைக் குறிப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள்! அவனுக்குப் பதினான்குக்கு மேல் எண்ணத் தெரியாது. பதினான்கு முற்றம், பதினான்கு தொட்டி, பதினான்கு கடல், பதினான்கு கோயில். அவனைப் பொறுத்தவரை அதற்கு மேல் உலகில் எதுவும் இல்லை. எழுத்துகளையும் அவனுக்குப் பிரித்தறியத் தெரியாது. கற்றுக்கொண்டிருந்தால் நீண்ட இரவுகளைக் கழித்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறான்.

வில்லன் கதையில் பலரும் வழுக்கும் இடம் இது. வில்லனுக்கு நாவன்மையைக் கொடுத்து, வழக்கறிஞரைப்போல வாதாடவைத்துவிடுவார்கள். போர்ஹெஸ் செய்தது நேர்மாறு. ஆஸ்டெரியோனுக்குத் தான் வில்லன் என்பதே தெரியாது. தெரியாதவன் எப்படி வாதாடுவான்? அவன் சொல்வதற்கும் நமக்குத் தெரிவதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இரக்கம் ஊறுகிறது.

அவனுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எது தெரியுமா?

ஓடித் தலைசுற்றி விழுவது ஒரு விளையாட்டு. தண்ணீர்க் கிடங்கின் நிழலில் பதுங்கி, யாரோ தன்னைத் தேடுவதாகப் பாவனை செய்வது இன்னொன்று. மொட்டைமாடியிலிருந்து விழுந்து ரத்தம் வரும்வரை ஆடுவதும் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்தது, இன்னோர் ஆஸ்டெரியோன் விருந்தாளியாக வந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அவனுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டுவது! இங்கே திரும்பினால் முற்றம், அங்கே பார் கிடங்கு என்று வழி சொல்வான். சில சமயம் வழியைத் தவறாகச் சொல்லிவிடுவான். அப்போது இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். இருவரும்!

உடனே 'ஐயோ பாவம்' என்று உருகிவிடாதீர்கள். போர்ஹெஸ் அதற்கும் விடமாட்டார். ஒன்பது பேர் உள்ளே நுழையும் காலடிச் சத்தம் கேட்டதும் இவன் மகிழ்ச்சியாக ஓடுகிறான். எல்லாத் தீமையிலிருந்தும் அவர்களை விடுவிப்பதாக நினைப்பு. சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறதாம். தன் கையில் ரத்தக்கறை படாமலே ஒருவர்பின் ஒருவராக விழுகிறார்களாம். விழுந்த உடல்களை அவன் அப்புறப்படுத்துவதில்லை. ஒரே மாதிரியான நடைகூடங்களை அடையாளம் கண்டுபிடிக்க அவை உதவுகின்றனவாம்!

அந்த ஒரு தகவல் போதும், முதுகுத்தண்டு சில்லிட. கொலைகள் நடந்தவைதான். இவன் கொலைகாரன்தான். புராணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட ஆசிரியர் மறுக்கவில்லை, வில்லனை வெள்ளையடிக்கவில்லை. பேசும் வாயை மட்டும் மாற்றினார். வில்லன் பக்கக் கதை எழுதுகிறவர்கள் இங்கேதான் அவசரப்பட்டு, குற்றங்களையெல்லாம் கதாநாயகன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்போது கிடைப்பது புதிய பார்வை அல்ல; தலைகீழாகத் திருப்பிய அதே பழைய பார்வை.

சண்டையை எப்படிக் காணாமல் போகச் செய்தார் தெரியுமா?

பலியானவர்களில் ஒருவன் சாகும்போது, உன் மீட்பன் ஒருநாள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அது மிரட்டலா, ஆறுதலா? ஆஸ்டெரியோன் நல்வாக்காகவே எடுத்துக்கொள்கிறான்! அன்றிலிருந்து தனிமை அவனுக்கு வலிப்பதில்லை. மீட்பன் எப்படி இருப்பான், காளையா, மனிதனா, மனித முகம் கொண்ட காளையா, அல்லது என்னைப்போலவா என்று யோசித்துக்கொண்டே காத்திருக்கிறான். நடைகூடமும் கதவும் குறைவாக உள்ள ஓர் இடத்துக்கு அழைத்துப் போனால் போதும் அவனுக்கு.

அங்கே அவன் பேச்சு நிற்கிறது. ஓர் இடைவெளி. அடுத்து, வெளியிலிருந்து ஒரு குரல்: வெண்கல வாளில் காலை வெயில் பட்டு மின்னுகிறது, அதில் ரத்தத்தின் தடம்கூட மிச்சமில்லை. பிறகு தீசியஸ் ஒரு பேச்சு பேசுகிறான்: மினோட்டார் ஏறக்குறைய எதிர்க்கவே இல்லை என்று வியக்கிறான். கதை முடிந்தது!

சண்டை அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிட்டது. 'நான்' என்று சொல்லும் பாத்திரம் செத்துப்போனால் கதையை யார் சொல்வது என்ற பழைய சிக்கல் இருக்கிறதே, அதையே அவர் ஆயுதமாக்கினார். நான் என்ற குரல் அறுந்ததுதான் வாள் இறங்கிய சத்தம். தீசியஸுக்கு விளங்காத புதிர் நமக்கு விளங்குகிறது: மீட்பனை எதிர்த்து யாராவது சண்டை போடுவார்களா?

எந்த ஆயுதம் என்பதிலேயே ஒற்றுமை கிடையாது தெரியுமா?

அப்பொல்லோடோரஸ் தொகுப்பில் தீசியஸ் வெறும் கைமுட்டியால் குத்திக் கொல்கிறான். ரோமானியக் கவிஞர் ஓவிட் அரியாட்னேயின் பெயரில் எழுதிய கடிதக் கவிதையில் அது கதாயுதம். போர்ஹெஸ் கையில் வெண்கல வாள். வாளை அவர் தேர்ந்தெடுத்ததன் பலனைப் பாருங்கள்: துடைத்துவிட்டால் பளபளக்கும், கொன்றதற்கு அடையாளமே இருக்காது. கைமுட்டிச் சண்டை என்றால் எதிர்க்காத எதிரியை எவ்வளவு நேரம் அடித்தான் என்ற கேள்வி வந்திருக்கும்.

கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தீசியஸின் வரலாற்றை எழுதும்போது, கிரீட்காரர்கள் தரப்பு என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் குறித்ததைச் சேர்க்கிறார். அதன்படி அசுரனும் இல்லை, மாயமும் இல்லை. சுழல்மாளிகை சாதாரணச் சிறைச்சாலை, டாரஸ் என்ற பெயருடைய படைத்தலைவன் ஒருவனைத் தீசியஸ் விளையாட்டுப் போட்டியில் மல்யுத்தத்தில் தோற்கடித்தான், அவ்வளவுதான்! மொழியும் இலக்கியமும் உள்ள நகரத்தைப் பகைத்துக்கொள்வது ஆபத்து, மினோஸுக்கு நேர்ந்தது அதுதான் என்றும் புளூட்டார்க் சொல்கிறார். ஏதென்ஸ் நாடக மேடைகள் அவனைத் திட்டித் திட்டியே கொடுங்கோலனாக்கிவிட்டன. எழுத்தறியாத ஆஸ்டெரியோனை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள்!

இரக்கம் பிறந்த இடம் ஒரு கோப ஓவியம் தெரியுமா?

தன் கதாநாயகனின் குணத்துக்கே தான் ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் வரைந்த ஓர் ஓவியத்துக்குக் கடன்பட்டிருப்பதாகப் போர்ஹெஸ் எழுதியிருக்கிறார். லண்டன் டேட் அருங்காட்சியகத்திலுள்ள வாட்ஸின் 'மினோட்டார்' 1885-ஆம் ஆண்டுப் படைப்பு. மதில்மேல் சாய்ந்துகொண்டு மினோட்டார் கடலைப் பார்க்கிறான். அவன் கைக்கடியில் ஒரு சின்னப் பறவை நசுங்கிக் கிடக்கிறது.

வாட்ஸ் அதை எதற்கு வரைந்தார் தெரியுமா? வெறுப்பதற்கு! 1885 ஜூலையில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பத்திரிகையாளர், லண்டனில் சிறுமிகள் பாலியல் தொழிலுக்கு விற்கப்படுவதை ஒரு தொடராக அம்பலப்படுத்தினார். மினோட்டாருக்கு ஏதென்ஸ் செலுத்திய கப்பத்தைத்தான் அதற்கு உவமையாக எடுத்துக்கொண்டார். நாடே கொதித்தது. சம்மத வயதை 13-லிருந்து 16-ஆக உயர்த்தும் சட்டம் அதே ஆண்டு வந்தது. அந்தக் கொதிப்பில் வாட்ஸ் வரைந்த அரக்கன் அவன், அடுத்த இரைக் கப்பலுக்குக் காத்திருப்பவன்.

அதே மதிலில் அதே ஆளைப் பார்த்த போர்ஹெஸுக்கோ, கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கும் ஒருவன் தெரிந்தான். இருவரும் வரைந்தது காத்திருப்பைத்தான். ஒருவர் இரைக்காகக் காத்திருப்பவனைக் கண்டார், மற்றவர் மீட்புக்காகக் காத்திருப்பவனை!

ஒரே பத்திரிகை, ஒரே ஆண்டு, இரண்டு மினோட்டார்கள் தெரியுமா?

போர்ஹெஸ் ஆசிரியராக இருந்த 'லாஸ் அனாலெஸ் தெ புயெனோஸ் ஐரெஸ்' இதழில்தான் 1947-இல் இந்தக் கதை வந்தது. அதே ஆண்டு, அதே இதழில், ஹூலியோ கொர்த்தசார் எழுதிய 'அரசர்கள்' என்ற நாடகக் கவிதையும் வந்தது. அதிலும் மினோட்டார் பக்கம்தான் நியாயம்! அங்கே அரியாட்னே காதலிப்பது தீசியஸை அல்ல, சுழலுக்குள் கிடக்கும் சகோதரனை. நூல்கண்டே அவன் தீசியஸை வென்று வெளியே வரட்டும் என்று கொடுத்தது. அவனோ சாவைத் தானே தேர்ந்தெடுக்கிறான்.

கொர்த்தசாரின் மினோட்டார் எல்லாம் தெரிந்தவன், அரசர்களோடு வாதாடுகிறவன். போர்ஹெஸின் ஆஸ்டெரியோன் எதுவும் தெரியாதவன். ஒருவர் நிகழ்ச்சியின் பொருளையே புரட்டினார். இன்னொருவர் நிகழ்ச்சியை அசைக்காமல் குரலை மட்டும் மாற்றினார். இரண்டு படைப்புகளும் 1949-இல் நூல்வடிவம் பெற்றன. வில்லன் தரப்பை எழுத நினைப்பவருக்கு இருக்கும் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கடைசி வாக்கியம் யார் காதில் விழுகிறது தெரியுமா?

தீசியஸ் அதை அரியாட்னேயிடம் சொல்கிறான். அரியாட்னே யார்? மினோஸுக்கும் பாசிஃபேவுக்கும் பிறந்தவள். ஆஸ்டெரியோனும் பாசிஃபே பெற்ற பிள்ளை. ஆக, செத்தவன் அவளுடைய கூடப்பிறந்தவன்! சகோதரியிடமே போய், உன் சகோதரன் எதிர்க்கக்கூட இல்லை தெரியுமா என்று ஆச்சரியப்படுகிறான் நம் வீரன். அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைப் போர்ஹெஸ் எழுதவில்லை.

அந்தப் பதிலை ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓவிட் எழுதிவிட்டார்! தீசியஸ் அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினான். நாக்ஸோஸ் தீவில் அவள் தூங்கும்போது விட்டுவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்து அவள் எழுதுவதாக அமைந்ததுதான் மேலே சொன்ன கடிதம். அதில் அவள் மினோட்டாரைச் சகோதரன் என்கிறாள். அவனைக் கொன்ற கதாயுதத்தாலேயே என்னையும் கொன்றிருக்கக் கூடாதா என்று தீசியஸைக் கேட்கிறாள். போர்ஹெஸின் மூன்று பக்கத்தைப் படித்த கையோடு அந்தக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். தீசியஸின் கடைசி வாக்கியத்துக்கு அவனே எதிர்பார்க்காத பதில் அதில் இருக்கிறது.